மாலுக்குள் போனால் ஒரு சிம் மட்டும் ஏன் செத்துப்போகிறது?

கொழிஞ்சாம்பாறை சிவா — 2 நவம்பர் 2025, இரவு 9:40

பாலக்காட்டில் ஒரு மால். பெயர் வேண்டாம். கீழே இரண்டாவது அடித்தளத்தில் வண்டி நிறுத்தினோம். வீட்டுக்காரி போனில் நாலு கோடும் நிற்கிறது, வீடியோ ஓடுகிறது. என் போனில் ஒன்றுமே இல்லை. யுபிஐ போட முடியாமல் பார்க்கிங் காசுக்கு அவளிடம் கை நீட்டினேன். இரண்டும் வேறு வேறு கம்பெனி சிம். மாலுக்கு வெளியே வந்தால் என் சிம்தான் வேகம்.

என் கணக்கு என்னவென்றால், மால்காரன் ஒரு கம்பெனியோடு கை கோத்துக்கொண்டு மற்ற சிம்முக்கு ஜாமர் வைத்திருக்கிறான். இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

வாளையார் ரவி — 2 நவம்பர், இரவு 10:15

ஜாமர் எல்லாம் இல்லை. கான்கிரீட், கம்பி, அவ்வளவுதான். உங்கள் கம்பெனி டவர் தூரத்தில் இருக்கும், அவங்க கம்பெனி டவர் பக்கத்தில் இருக்கும். அதிர்வெண் கூடக் கூடச் சுவரைத் தாண்டாது. 900 தாண்டும், 2300 தாண்டாது, 3500 கண்ணாடியைக்கூடத் தாண்டாது. போனை 4ஜிக்கு மாற்றிப் பாருங்கள்.

கேபிள்காரன் — 3 நவம்பர், காலை 7:05

ரவி சொன்ன அதிர்வெண் விஷயம் பாதி சரி. ஆனால் இரண்டாவது அடித்தளத்துக்கு அது பொருந்தாது. அங்கே வெளி டவரிலிருந்து யாருக்குமே ஒன்றும் வராது. உங்கள் வீட்டம்மா போனில் தெரிந்த நாலு கோடும் மேலே கூரையில் இருந்து வந்தது.

அடுத்த முறை அண்ணாந்து பாருங்கள். புகை உணரிக்குப் பக்கத்தில், கவிழ்த்த கிண்ணம் மாதிரி வெள்ளையாக ஒன்று இருக்கும், உள்ளங்கை அகலம். அதுதான் ஆன்டெனா. அந்த மாதிரி நூறு, இருநூறு ஒரு மாலில் இருக்கும். அதிலிருந்து கருப்புக் கேபிள் பொய்க்கூரைக்கு மேலே ஓடி, பிரிப்பான்களில் சேர்ந்து, கடைசியில் அடித்தளத்திலோ மொட்டைமாடியிலோ ஒரு சின்ன ஏசி அறைக்குப் போகும். கட்டடத்துக்குள் சிக்னல் தரும் இந்த ஏற்பாட்டுக்கு ஐபிஎஸ் என்று பெயர், அதனால் நாங்கள் ஐபிஎஸ் ரூம் என்போம்.

அந்த அறையில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கூரை ஆன்டெனா எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது. ஆனால் அது தானாக எதையும் உண்டாக்காது. ஒவ்வொரு கம்பெனியும் தன் ரேடியோ பெட்டியையும் தன் ஃபைபரையும் அந்த அறைக்குக் கொண்டுவந்து, பிஓஐ என்ற கலவைப் பெட்டியில் ஒரு வாயிலில் செருக வேண்டும். செருகியவர் சிக்னல் மட்டும்தான் கூரைக்கு வரும். செருகாதவருக்கு அந்த ஆன்டெனா வெறும் பிளாஸ்டிக்.

ஜாமரா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அந்த இடத்தில் உங்கள் போன் "சேவை இல்லை" என்கிறதா, "அவசர அழைப்புகள் மட்டும்" என்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் போன் வேறு கம்பெனி சிக்னலைப் பிடித்து 112க்கு மட்டும் வழி வைத்திருக்கிறது. சாதாரண ஜாமர் எல்லாக் கம்பெனியையும் சேர்த்தே அடைக்கும், அது இருந்தால் இதுவும் வராது.

மீனாட்சிபுரம் அக்கா — 3 நவம்பர், காலை 11:30

அந்தக் கிண்ணம் எங்கே கிடைக்கும் தம்பி? எங்கள் வீடு எல்லையிலேயே இருக்கிறது. அடுப்படியில் கேரளா டவர், திண்ணையில் தமிழ்நாடு டவர். முன்பு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை "வரவேற்கிறோம்" மெசேஜ் வரும், இப்போது வருவதில்லை. படுக்கையறையில் ஒன்றும் இல்லை. கூரையில் ஒன்று மாட்டிவிட்டால் சரியாகிவிடுமா?

கேபிள்காரன் — 3 நவம்பர், மதியம் 1:20

அக்கா, கிண்ணம் கோயம்புத்தூரில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மாட்டினால் அழகாக இருக்கும், வேறு பலன் இல்லை. பின்னால் சிக்னல் ஊட்ட ஆள் வேண்டும். பூஸ்டர் என்று ஆன்லைனில் விற்பதை வாங்கி வைத்துவிடாதீர்கள், அனுமதியில்லாமல் வைப்பது சட்டவிரோதம். அதைவிட மோசம், அது பக்கத்து டவரின் காதில் இரைச்சலைக் கொட்டும். ஊரே உங்கள் வீட்டைத் தேடி வரும்.

உங்களுக்கு வீட்டு பிராட்பேண்டில் வைஃபை காலிங் போதும். செட்டிங்கில் ஒரு பொத்தான்.

அப்புறம் யாராவது நெட்வொர்க்கைக் கையால் தேர்வு செய்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லையில் "வரவேற்கிறோம்" மெசேஜ் தொல்லை தாங்காமல் பலர் தமிழ்நாட்டு வட்டத்தைப் பூட்டி வைத்துவிடுவார்கள். அப்புறம் திண்ணையைத் தாண்டினால் போன் கேரளா டவரைத் தொடவே தொடாது.

மீனாட்சிபுரம் அக்கா — 3 நவம்பர், மாலை 4:02

பையன்தான் பூட்டி வைத்திருக்கிறான்! எடுத்துவிட்டேன். மெசேஜ் மறுபடி வருகிறது, வரட்டும்.

கொழிஞ்சாம்பாறை சிவா — 4 நவம்பர், இரவு 8:50

இன்று போய்ப் பார்த்தேன். "அவசர அழைப்புகள் மட்டும்". ஆக ஜாமர் இல்லை. சரி, கிண்ணமும் பார்த்தேன், லிஃப்ட்டுக்கு முன்னால் ஒன்று, தூண் வரிசைக்கு ஒன்று. அது பொது என்றால் என் கம்பெனி ஏன் செருகவில்லை?

அப்புறம் இன்னொரு சந்தேகம். வீட்டுக்காரி போனில் நாலு கோடு என்றேனே, லிஃப்ட்டில் ஏறினால் அவளுக்கும் பேச்சு அறுகிறது. கீழிருந்து மேலே போகும்போது சரியாகத் தரைத் தளத்தைத் தாண்டும்போது. ஒவ்வொரு தடவையும் அங்கேதான்.

வாளையார் ரவி — 4 நவம்பர், இரவு 9:30

லிஃப்ட் இரும்புப் பெட்டி சார். மூடினால் அறுகும். இதில் ஆராய்ச்சி எதற்கு?

கேபிள்காரன் — 5 நவம்பர், காலை 6:45

ரவி, இரும்புப் பெட்டி என்றால் எல்லாத் தளத்திலும் அறுக வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் அறுகிறது என்றால் காரணம் வேறு. முதலில் ரேடியோ பெட்டிக் கணக்கைப் பார்த்துவிடலாம், அப்போதுதான் தரைத் தளம் புரியும்.

20 வாட் ரேடியோ ஒன்று என்று வையுங்கள், 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி. போன் திரையில் RSRP என்று காட்டும் சிக்னல் வலிமை அளவில் பார்த்தால் ரேடியோவின் வாயிலில் அது ஏறக்குறைய +12 dBm. பிஓஐ நாலு பேர் சிக்னலைக் கலந்து நாலு வாயிலிலும் சமமாகக் கொடுக்கும், அதற்கு 6 டெசிபல் காணாமல் போகும். அப்புறம் தடித்த கேபிள் 40 மீட்டர், நாலாகப் பிரிக்க ஒரு பிரிப்பான், மூன்றாகப் பிரிக்க இன்னொன்று, அரை அங்குலக் கேபிள் 25 மீட்டர். 2100 மெகாஹெர்ட்ஸில் இவை எல்லாம் சேர்ந்து இன்னொரு 16, 17 போய்விடும். ஆன்டெனாவின் சொந்த ஆதாயம் 2 வரவு. ஆக 20 வாட்டில் கிளம்பியது கிண்ணத்தை விட்டு வெளியே வரும்போது ஏறக்குறைய −9.

அங்கிருந்து 15 மீட்டர் தள்ளி நின்றால் காற்றில் 62 டெசிபல் போகும். −71. நாலு கோடு. லிஃப்ட் கதவு மூடினால் 25 முதல் 30 வரை சாப்பிடும். −100 பக்கம். பேச்சு இன்னும் ஓடும், ஆனால் ஒரு தளம் ஏறி நடுவில் ஒரு கான்கிரீட் பலகை வந்துவிட்டால் −115 தாண்டும். அப்போது அந்தத் தளத்து ஆன்டெனா கைவிட்டுவிட்டது என்று அர்த்தம்.

அதனால்தான் ஒவ்வொரு தளத்திலும் லிஃப்ட் கதவுக்கு நேரே இரண்டு மூன்று மீட்டருக்குள் ஒன்று வைப்போம். கதவிடுக்கு, மேலே இருக்கும் காற்றோட்டத் துளை, இவற்றின் வழியாக உள்ளே போவதை நம்பித்தான் அந்த வேலை. மிக உயரமான கட்டடத்தில் லிஃப்ட் குழியின் உச்சியிலேயே கீழே பார்த்து ஒரு பலகை ஆன்டெனா வைப்பதும் உண்டு.

இப்போது தரைத் தளம். பெரிய மால் முழுவதையும் ஒரே செல்லாக, அதாவது ஒரே ரேடியோவின் எல்லைக்குள் விட்டால் கூட்டம் தாங்காது. பிரிப்பார்கள். பெரும்பாலும் அடித்தளங்களும் தரையும் ஒரு செல், மேல் தளங்கள் இன்னொன்று. அந்த எல்லை லிஃப்ட் குழியின் நடுவில் விழுந்தால் வினை. கதவு மூடிய நிலையில், ஒன்றிரண்டு வினாடிக்குள், பழைய செல் −100இலிருந்து சரிகிறது, புதியது திடீரென்று எழும்புகிறது. போன் அளந்து, நெட்வொர்க்கிடம் சொல்லி, அது "மாறு" என்று பதில் அனுப்புவதற்குள் பழைய செல்லே காதில் விழாது. அறுகிறது.

செய்ய வேண்டியது, எல்லாத் தளத்து லிஃப்ட் முகப்பு ஆன்டெனாக்களையும் ஒரே செல்லில் கட்டுவது. அப்போது பெட்டிக்குள் மாற்றமே நடக்காது. கதவு திறந்து வெளியே நடந்து, கடை வரிசைக்குள் போகும்போது நிதானமாக மாறிக்கொள்ளும். காகிதத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கேபிள் இழுக்கிறவனுக்கு தளத்துக்குத் தளம் தனித்தனியாகக் கட்டுவதுதான் சுலபம், அதனால் அப்படியே கட்டிவிட்டுப் போய்விடுவான்.

சிவா, சோதிக்க விருப்பம் இருந்தால் ஆண்ட்ராய்டு போனில் இதை அடியுங்கள்:

```
*#*#4636#*#*
```

சில போன்களில் திறக்காது. திறந்தால் செல் விவரத்தில் PCI என்று ஒரு எண் இருக்கும். அடித்தளத்து லிஃப்ட் முகப்பில் ஒரு எண், முதல் மாடி முகப்பில் வேறு எண் என்றால் நான் சொன்னதுதான்.

கொழிஞ்சாம்பாறை சிவா — 5 நவம்பர், காலை 8:10

அண்ணா, 20 வாட் போட்டு இவ்வளவு குறைந்தால் 100 வாட் போட வேண்டியதுதானே?

கேபிள்காரன் — 5 நவம்பர், காலை 8:40

ஐந்து மடங்கு போட்டால் கிடைப்பது 7 டெசிபல். அதுவும் ஒரு பக்கம்தான். உங்கள் போன் 0.2 வாட்டில்தான் திருப்பிக் கத்தும், அதே கேபிள், அதே பிரிப்பான், அதே நஷ்டம். மாலின் குரல் உங்களுக்குக் கேட்டு, உங்கள் குரல் மாலுக்குக் கேட்காமல் போனால் என்ன பயன்?

மால் மெயின்டனன்ஸ் — 6 நவம்பர், இரவு 11:15

நான் வேறொரு மாலில் கட்டடப் பராமரிப்பில் இருக்கிறேன். எங்களை வில்லனாக்காமல் இருந்தால் சொல்கிறேன்.

நாலு கம்பெனியும் வந்து ஆளுக்கொரு கேபிள் இழுத்தால் கூரை என்னாவது? ஒவ்வொரு துளைக்கும் தீயணைப்புச் சான்று, ஸ்பிரிங்ளர், கடைக்காரன் சண்டை. அதனால் ஒரு மூன்றாவது ஆளிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுவோம். அவன் ஆன்டெனாவும் கேபிளும் போட்டு, அறை வாடகையை எங்களுக்குக் கொடுத்து, கம்பெனிகளிடம் மாதக் கட்டணம் வாங்கிக்கொள்வான். எந்தக் கம்பெனி வந்தது, எது வரவில்லை என்பது அவனுக்கும் கம்பெனிக்கும் உள்ள கணக்கு. எங்களுக்குப் புகார் மட்டும்தான் வரும்.

மின்சாரம் வேறு. ஒவ்வொரு ரேடியோவுக்கும் மீட்டர், ஜெனரேட்டர் நேரத்தில் டீசல் பங்கு. போன மழைக்காலத்தில் மின்வெட்டில் ஒரு கம்பெனி மட்டும் மூன்று மணி நேரம் இல்லை. பேட்டரி இருந்தது, செத்துக் கிடந்தது.

வாளையார் ரவி — 7 நவம்பர், காலை 9:00

அப்போ சிவா சொன்ன கை கோத்தல் முழுப் பொய் இல்லையே? மூன்றாவது ஆள் விலையை ஏற்றினால் சின்னக் கம்பெனி ஓடிவிடும்.

கேபிள்காரன் — 7 நவம்பர், இரவு 9:20

அதில் ரவி பக்கம் நியாயம் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 ஜனவரியிலேயே இதற்குப் பரிந்துரை கொடுத்தது. கட்டடத்துக்குள் ஒரே நிறுவனத்துக்கு என்று பிரத்தியேக ஒப்பந்தம் கூடாது, உள்கட்டமைப்பைப் பகிர வேண்டும் என்று. ஆனால் தனியார் கட்டடத்தில் உரிமையாளரும் நிறுவனமும் பேசி ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். விலை ஒத்துவராவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் பணம் மட்டும் காரணம் என்று எழுதிவிட்டுப் போக முடியாது. இரண்டு காரணம் நான் கையால் தொட்டது.

ஒன்று, சந்தாதாரர் எண்ணிக்கை. கட்டணம் கொடுத்து, ரேடியோ வைத்து, ஃபைபர் இழுத்து, அந்த மாலில் தன் சிம் நூற்றில் ஐந்து பேரிடம்தான் என்றால் எந்தக் கம்பெனியும் வராது.

இரண்டாவது இந்தக் கட்டடங்களின் வயது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் போட்ட கிண்ணத்தையும் பிரிப்பானையும் கழற்றிப் பார்த்தால் மேலே ஸ்டிக்கரில் "800–2500 MHz" என்று இருக்கும். அன்றைக்கு அது போதும். இன்று பிஎஸ்என்எல் 4ஜி 700இலும் 2100இலும் வருகிறது. ஜியோ 5ஜி 700இலும் 3500இலும். ஏர்டெல் 5ஜி பெரும்பாலும் 3500. அந்த ஸ்டிக்கருக்குள் 700ம் இல்லை, 3500ம் இல்லை. கேபிளும் பிரிப்பானும் 700ஐக் கொஞ்சம் நொண்டி நொண்டிக் கடத்தும், ஆனால் பிஓஐ என்பது ஃபில்டர்களின் பெட்டி. அதில் 700க்கு வாயிலே கிடையாது. முழுக்கக் கழற்றி மாற்ற வேண்டும். யார் செலவில் என்பதில்தான் கோப்பு தூங்கும்.

ஆகவே "கம்பெனி இல்லை" என்று நாம் நினைக்கும் பல இடத்தில் கம்பெனி இருக்கும், நம் போன் அங்கே பேச நினைக்கும் அலைவரிசை இருக்காது.

பெரம்பூர் மாப்பிள்ளை — 8 நவம்பர், காலை 7:50

சொந்த ஊர் சித்தூர், நம் பாலக்காட்டுச் சித்தூர்தான், ஆந்திராவைச் சொல்லவில்லை. சென்னையில் வேலை. கொச்சி மெட்ரோ முழுக்க மேலே ஓடுகிறது, அங்கே இந்தத் தொல்லை இல்லை. சென்னையில் சுரங்கத்தில் போகும்போது நிலையத்தில் நன்றாக இருக்கிறது, இரண்டு நிலையத்துக்கு நடுவில் 5ஜி போய் 4ஜி ஆகிறது. சுரங்கத்திலும் கிண்ணமா மாட்டியிருப்பார்கள்?

கேபிள்காரன் — 8 நவம்பர், மதியம் 2:30

சுரங்கத்தில் கிண்ணம் இல்லை. ரயிலின் ஜன்னல் உயரத்தில் சுவரோடு ஒரு தடித்த கருப்புக் கேபிள் ஓடும். அதன் வெளி உறையில் வரிசையாகக் கீறல் விட்டிருப்பார்கள். மழைநாளில் ஓட்டைக் குழாய் வழி நெடுக ஒழுகுவது போல, அலை அந்தக் கேபிளின் நீளம் முழுக்கக் கசிந்துகொண்டே போகும். குறுகிய குழாயில் ரயிலே அடைத்துக்கொண்டு நிற்கும்போது ஒரு மூலையில் ஆன்டெனா வைத்துப் பிரயோசனம் இல்லை, அதனால் இந்த ஏற்பாடு.

ஒரு நிலையத்திலிருந்து இரண்டு பக்கமும் ஊட்டுவார்கள், அடுத்த நிலையத்துக் கேபிளும் இதுவும் நடுவழியில் சந்திக்கும். நிலையத்தில் இருக்கும் சிறு பெட்டிகளுக்கு ஃபைபர் வழியாகச் சிக்னல் வரும், தலைமைப் பெட்டி ஏதோ ஒரு நிலையத்து அறையில் இருக்கும். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 22 மீட்டர், எனவே செல் மாறும் இடத்தில் இரண்டும் நன்றாக ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும்.

உங்கள் 5ஜி ஏன் நடுவில் போகிறது என்பதற்கு அதே கேபிளே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். தடிமனான 1⅝ அங்குலக் கேபிளில் நஷ்டம் குறைவு, அதனால் சுரங்கத்துக்கு அதைத்தான் விரும்புவார்கள். ஆனால் அது 2700 மெகாஹெர்ட்ஸ் சுமாருக்கு மேல் போவதில்லை. அதற்கு மேல் போனால் உள்ளேயே அலை தாறுமாறாகப் புரளும். 3500 வேண்டுமென்றால் மெல்லிய கேபிள் போட வேண்டும், மெல்லியதில் நஷ்டம் கூடும், ஊட்டும் பெட்டிகள் அதிகம் வேண்டும். உங்கள் தடத்தில் எந்தத் தடிமன் கேபிள் என்று நான் பார்த்ததில்லை, அதனால் அடித்துச் சொல்லவில்லை.

வாளையார் ரவி — 8 நவம்பர், இரவு 7:10

மும்பையில் பெரிய ரகளை ஆனதே, அது இந்தக் கேபிள் தகராறா?

பெரம்பூர் மாப்பிள்ளை — 8 நவம்பர், இரவு 7:45

மும்பை மெட்ரோவின் மூன்றாவது தடம். ஆரேயிலிருந்து கஃப் பரேட் வரை, 27 நிலையத்தில் 26 பூமிக்கடியில். போன மாதம் முழுதாகத் திறந்தார்கள். உள்ளே சிக்னல் இல்லை என்று ஒரே புலம்பல். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கமான சிஓஏஐ, எங்களையே உள்கட்டமைப்பு போட விடவில்லை, மூன்றாம் தரப்பு ஆள் வழியாகத்தான் வர வேண்டும் என்கிறார்கள், அவர் கேட்கும் கட்டணம் கட்டுபடியாகாது என்று வெளிப்படையாகச் சொன்னது. கேபிள் பிரச்சினை இல்லை, யார் கேபிள் என்பது பிரச்சினை.

மால் மெயின்டனன்ஸ் — 8 நவம்பர், இரவு 11:50

பார்த்தீர்களா, அரசு நிறுவனத்துக்கே இந்தக் கதி. எங்களை மட்டும் ஏசுகிறீர்கள்.

கேபிள்காரன் — 9 நவம்பர், காலை 6:30

இரண்டும் ஒன்றில்லை அண்ணா. 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி பொதுச் சொத்தில் வழி கேட்டால் பாரபட்சம் இல்லாமல் கொடுக்க வேண்டும். மெட்ரோ சுரங்கம் அதற்குள் வருமா, எப்படி வரும் என்பதில்தான் இழுபறி. உங்கள் மால் தனியார் இடம், அங்கே பேச்சுவார்த்தை மட்டுமே.

ஆனால் பயணி பக்கம் நின்று பார்த்தால் ஒன்று சொல்வேன். நாலு கம்பெனி நாலு கேபிள் போடுவதைவிட ஒரே கேபிள் நல்லதுதான். ஒரே ஆள் விலை வைப்பதுதான் கெடுதல்.

மீனாட்சிபுரம் அக்கா — 9 நவம்பர், காலை 10:05

எல்லாம் படித்தேன், பாதி புரிந்தது. ஒரு கேள்வி. பெரிய ஆஸ்பத்திரியில் மாமாவைப் படுக்க வைத்திருந்தோம். போனில் கோடு நிறைய, ஆனால் நான் பேசுவது அந்தப் பக்கம் கேட்கவே இல்லை. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது. மாலை நேரம் பார்வையாளர் வந்தால் இன்னும் மோசம். காலையில் சரியாக இருக்கிறது. இது என்ன கூத்து?

கேபிள்காரன் — 9 நவம்பர், மாலை 6:40

அக்கா, நீங்கள் கேட்டதுதான் எங்கள் தொழிலிலேயே தலைவலி பிடித்த பழுது. பிஐஎம் என்போம். ஆஸ்பத்திரியை நான் பார்க்கவில்லை, ஆனால் அறிகுறி அப்படியே பொருந்துகிறது. கோடு நிறைய, ஒரு வழி மட்டும் கேட்கும், கூட்டம் கூடினால் மோசம்.

எப்படி வருகிறது என்றால், ஒரே கேபிளில் இரண்டு கம்பெனி சத்தமாகப் பேசுகின்றன. ஒன்று 1810 மெகாஹெர்ட்ஸில், இன்னொன்று 1870இல் என்று வையுங்கள். கனெக்டர் எல்லாம் சுத்தமாக, இறுக்கமாக இருந்தால் இரண்டும் தன் வழியே போகும். எங்காவது ஒரு கனெக்டர் தளர்ந்தோ துருப்பிடித்தோ இருந்தால் அந்த இடத்தில் இரண்டும் கலந்து புதிதாக ஒன்று பிறக்கும். முதலாவதை இரண்டால் பெருக்கி இரண்டாவதைக் கழித்தால் 1750. அந்த 1750 என்ன இடம் தெரியுமா? 1800 பேண்டில் போன்கள் திருப்பிப் பேசும் இடம் 1710 முதல் 1785 வரை. ஆக இரண்டு கம்பெனியும் சேர்ந்து உண்டாக்கிய இரைச்சல் அந்த இடத்தில் பேசும் யாரோ ஒருவருடைய போன் குரல் மேல் போய் விழுகிறது. அந்தக் கம்பெனி ஒரு தவறும் செய்திருக்காது. கூட்டம் கூடினால் ரேடியோ சக்தி கூடும், இரைச்சல் அதைவிட வேகமாகக் கூடும். காலையில் சரி, மாலையில் மோசம் என்பது அதனால்தான்.

ஒரு கட்டடத்தில் இப்படித்தான் சாப்பாட்டுக் கடைப் பக்கம் மட்டும் புகார். ரேடியோவில் எந்த அலாரமும் இல்லை. பிஐஎம் சோதனைப் பெட்டியை வைத்து 20 வாட் இரண்டு சுரம் அனுப்பி, ஒருவன் ஏணியில் ஏறி ஒவ்வொரு கனெக்டராகப் பிளாஸ்டிக் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வர, கீழே நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பிரிப்பானைத் தட்டியதும் ஊசி துள்ளியது. மேலே ஏசி வடிகால் குழாய் சொட்டி, கனெக்டர் உள்ளே பச்சை பூத்துக் கிடந்தது. வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சில் முறுக்கி மூடினோம். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கையால் முறுக்கிவிட்டுப் போகும் பையன்கள்தான் இந்தப் பழுதின் தாய்தந்தை.

கொழிஞ்சாம்பாறை சிவா — 9 நவம்பர், இரவு 8:15

அலாரம் வராது என்றீர்களே, ஒரு கிண்ணமே அறுந்து தொங்கினாலுமா?

கேபிள்காரன் — 9 நவம்பர், இரவு 8:50

வராது, அதுதான் கொடுமை. ரேடியோ தன் வாயிலுக்குத் திரும்பி வரும் சக்தியை வைத்துத்தான் "கேபிள் அறுந்தது" என்று கத்தும். வழியில் போகும்போது 20 டெசிபல் நஷ்டம், அறுந்த முனையில் மோதித் திரும்பும்போது இன்னொரு 20. ரேடியோவுக்குத் திரும்பி வருவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அது "எல்லாம் ஜோர்" என்று நினைத்துக்கொள்ளும். கடைக்காரர் யாராவது புகார் சொன்னால்தான் தெரியும். மூன்று வருடம் செத்த ஆன்டெனாவின் கீழே உட்கார்ந்து "எங்கள் கடையில் எப்பவுமே இப்படித்தான்" என்று சொன்ன ஆட்கள் உண்டு.

ஃபைபர் வழியாகச் சிறு பெட்டிகளை வைத்துச் செய்யும் ஏற்பாட்டில் பெட்டி செத்தால் உடனே தெரியும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஒரே ஆம்ப்ளிஃபயரை எல்லாரும் பங்கு போடும் வகை உண்டு. இரண்டு பேர் இருந்த இடத்தில் நாலு பேர் சேர்ந்தால் ஆளுக்குப் பாதிச் சக்தி, 3 டெசிபல் போச்சு. முன்பே இருக்கும் கம்பெனி, புதியவர் வருவதை ஏன் ரசிப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாளையார் ரவி — 10 நவம்பர், காலை 9:40

வைஃபை காலிங் இருக்கும்போது இவ்வளவு செலவு எதற்கு என்பதுதான் என் கருத்து. மால் வைஃபை கொடுத்தால் எல்லாக் கம்பெனியும் ஓடும். ஏர்டெலும் ஜியோவும் 2019, 20லேயே கொண்டுவந்துவிட்டார்கள்.

மால் மெயின்டனன்ஸ் — 10 நவம்பர், மதியம் 12:30

மால் வைஃபையில் நுழைய ஓடிபி வேண்டும். ஓடிபி வர சிக்னல் வேண்டும். தினமும் என் மேசைக்கு வரும் புகார் இது.

கொழிஞ்சாம்பாறை சிவா — 15 நவம்பர், இரவு 9:05

புதுச் செய்தி. மால் தகவல் மேசையில் கேட்டேன், ஒருவர் போன் பண்ணி ஒருவர் போன் பண்ணி, கடைசியில் ஐபிஎஸ் அறையைப் பார்த்துக்கொள்ளும் பையனிடம் பேசினேன். என் கம்பெனி ரேடியோ உள்ளே இருக்கிறதாம்! பழைய 2ஜி, 3ஜிக்கு வைத்தது, 3ஜியை நிறுத்தியதும் அப்படியே அணைத்து வைத்திருக்கிறார்கள். 4ஜி ரேடியோ வைக்க விண்ணப்பம் போயிருக்கிறது, பிஓஐ மாற்றும் செலவில் பேச்சு நிற்கிறது என்றார்.

PCIயும் பார்த்தேன், வீட்டுக்காரி போனில். அடித்தளத்திலும் தரையிலும் ஒரே எண், முதல் மாடியில் வேறு.

கேபிள்காரன் — 15 நவம்பர், இரவு 9:50

அப்போ லிஃப்ட் விஷயம் முடிந்தது. பிஓஐ மாற்றும்போதே முகப்பு ஆன்டெனாக்களை ஒரே செல்லுக்கு மாற்றிக் கட்டச் சொல்லுங்கள், பொய்க்கூரை எப்படியும் திறந்திருக்கும். தனியாகச் செய்தால் யாரும் ஏணி எடுக்க மாட்டார்கள்.

செலவு பற்றிப் பேச மால் அண்ணனுக்கு ஒரு துருப்பு. 2024 அக்டோபரில் டிராய் கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்பு மதிப்பீடு என்று விதிமுறை கொண்டுவந்தது, நட்சத்திரம் கொடுப்பார்கள். கட்டாயம் இல்லை, உரிமையாளர் விருப்பப்பட்டுக் கேட்க வேண்டும்.

மால் மெயின்டனன்ஸ் — 16 நவம்பர், காலை 7:30

எங்கள் முதலாளிக்கு நட்சத்திரம் பிடிக்கும். ஆனால் பிஓஐ மாற்றும் இரண்டு நாள் எல்லாக் கம்பெனியும் அணையுமே, அந்த இரண்டு நாள் கடைக்காரர்களின் யுபிஐக்கு யார் பதில் சொல்வது? ஞாயிறு இரவில் ஒரு பக்கமாக மாற்ற முடியுமா?

கேபிள்காரன் — 16 நவம்பர், காலை 7:55

பழைய பிஓஐ பக்கத்தில் புதியதை நிறுத்தி, நாலு வாயிலையும் ஒவ்வொன்றாக இரவு ஒரு மணிக்கு மேல் மாற்றலாம். ஒரு வாயிலுக்கு அரை மணி நேரம். அறையில் இரண்டு பெட்டிக்கு இடம் இருந்தால். உங்கள் அறை எத்தனை அடி?

மால் மெயின்டனன்ஸ் — 16 நவம்பர், காலை 8:20

ஆறுக்கு எட்டு. அதில் பாதி துடைப்பமும் கிறிஸ்துமஸ் மரமும். அளந்துவிட்டுச் சொல்கிறேன்.